தீபாவளிக் காலைப் படத்துக்கு என்ன எழுதலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலகாரத் தட்டு, விளக்கு, வீட்டு ஆட்கள் எல்லாம் படத்திலேயே இருக்கிறது. அதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது?

படத்தில் வராதது நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளில் தீபாவளியின் முக்கால்வாசி விஷயம் கேமராவுக்கு முன்பே முடிந்துவிடும். இருட்டில் எழுப்பிவிட்டது, பெரியவர்கள் உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்தது, வெந்நீரும் சீயக்காயும், வெறும் வயிற்றில் ஒரு நெல்லிக்காய் அளவு லேகியம், காலரில் மஞ்சள் தடவிய புதுச்சட்டை. அப்புறம்தான் எல்லோரும் விளக்குக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். படத்துக்குக் கிடைப்பது அந்தக் கடைசிக் கணம் மட்டும்.

அதனால் படத்துக்கு முந்தைய அரை மணி நேரத்தில் நடந்த ஒன்றையோ, படத்துக்கு வெளியே நிற்கும் ஒருவரையோ, மணத்தையோ சத்தத்தையோ சொல்லுங்கள். 'இனிப்பு, விளக்கு, குடும்பம்' என்று மறுபடி எழுதினால், பார்ப்பவர் ஏற்கெனவே கண்டதைத்தான் திரும்பவும் படிக்கிறார்.

ஒரு படத்தை எடுத்து, முதலிலிருந்து எப்படி எழுதுவது என்று காட்ட முடியுமா?

சரி, இப்படி ஒரு படம் என்று வைத்துக்கொள்வோம். எவர்சில்வர் தட்டில் அதிரசம், தேன்குழல், மைசூர்பாகு. பக்கத்தில் ஏற்றிய குத்துவிளக்கு. நாற்காலியில் பாட்டி. இரண்டு பக்கமும் ஈரத் தலையோடு பேரனும் பேத்தியும். சமையலறை வாசலில் அம்மா, பாதி மட்டும் தெரிகிறார்.

முதலில் கைக்கு வருவது அநேகமாக இதுதான்:

"தீபங்களின் ஒளியில், இனிப்புகளின் சுவையில், உறவுகளின் அன்பில் திளைக்கும் இனிய தீபாவளி!"

இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் இதே வரியை எதிர்வீட்டுப் படத்துக்குக் கீழே போட்டாலும் பொருந்தும். நான் வைத்துப் பார்க்கும் சோதனை இதுதான்: வரியை இன்னொரு வீட்டுப் படத்துக்கு மாற்றிப் பாருங்கள். அங்கேயும் உட்கார்ந்துகொண்டால் அது உங்கள் வரி இல்லை.

அடுத்து பலரும் செய்வது, படத்தில் இருப்பதை வரிசையாகச் சொல்வது. "அதிரசம், தேன்குழல், மைசூர்பாகு, பாட்டி, குட்டீஸ். எங்கள் வீட்டு தீபாவளி." கொஞ்சம் தேவலை, பண்டங்களுக்குப் பெயராவது வந்துவிட்டது. ஆனாலும் பட்டியல்தான்.

இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு வீட்டில் விசாரியுங்கள். இதை யார் செய்தார்கள்? படம் எடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் என்ன நடந்தது? யார் படத்தில் இல்லை? பதில்கள் இப்படி வரலாம். அதிரச மாவை அம்மா சில நாள் முன்பே பிசைந்து வைத்தார். பேத்தியின் கண்ணில் சீயக்காய் போய் ஒரே அழுகை. மாமா ரயிலில் வந்துகொண்டிருக்கிறார், இன்னும் வந்து சேரவில்லை.

மூன்றும் நல்லவை. மூன்றையும் எழுதத் தோன்றும், ஆனால் ஒன்றை மட்டும் எடுங்கள். படத்தில் பேத்தி சிரிக்கிறாள் என்றால் அழுகையை எடுக்கலாம், ஏனென்றால் அந்தச் சிரிப்பின் கதை அதில்தான் இருக்கிறது.

"கண்ணில் சீயக்காய் போய்விட்டது என்று பத்து நிமிடம் முன்பு வரை அழுதுகொண்டிருந்தவள்தான் இவள். இப்போது கையில் மைசூர்பாகு வந்ததும் எவ்வளவு அழகாகச் சிரிக்கிறாள் பாருங்கள்!"

நீளம் அதிகம். 'எவ்வளவு அழகாக', 'பாருங்கள்' இரண்டும் வேண்டாம், படமே அதைக் காட்டுகிறது. குறைத்தால்:

"சீயக்காய் கண்ணில் பட்டு அழுதவள்தான். மைசூர்பாகு கைக்கு வந்ததும் படத்துக்குச் சிரிக்கிறாள்."

இவ்வளவு போதும். வாழ்த்து வேண்டுமானால் ஒரு வரி விட்டு, கீழே தனியாகப் போடுங்கள். இதோடு ஒட்ட வேண்டாம்.

பலகாரத் தட்டு மட்டும்தான் படத்தில் இருக்கிறது. ஆட்கள் இல்லை. என்ன எழுத?

செய்முறையில் ஏதாவது ஒரு நொடியைப் பிடியுங்கள். ஒவ்வொரு பலகாரத்துக்கும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு கட்டம் உண்டு, அதை எழுதினால் செய்தவரின் கை தெரியும்.

அதிரசத்துக்கு அது பாகு. ஊறவைத்த பச்சரிசியை நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போவதற்குள் இடித்து, வெல்லப் பாகில் கிளறி, மாவைச் சில நாள் வைத்திருந்து சுடுவார்கள். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் உருண்டு வர வேண்டும். பதம் இளகியிருந்தால் எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகும், முற்றிவிட்டால் கடிக்க முடியாது. பொரித்து எடுத்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயை அழுத்தி எடுப்பார்கள். எனக்கு அந்த அழுத்தும் கட்டம்தான் பிடிக்கும்:

"இரண்டு கரண்டிக்கு நடுவில் அம்மா அழுத்தும்போது பக்கத்தில் நின்றவருக்கு முதல் அதிரசம். இந்த வருடம் அது நான்."

மைசூர்பாகில், கடைசியாகக் காய்ந்த நெய்யை ஊற்றும்போது கலவை நுரைத்துப் பொங்கும். அந்த நேரத்தில் தட்டில் கொட்டிவிட்டால் உள்ளே கூடுகூடாக ஓட்டை விழும், கொஞ்சம் தாமதித்தால் இறுகிவிடும். இதற்கு: "உள்ளே ஓட்டை ஓட்டையாக வந்திருக்கிறது. அப்பாவுக்குக் காலையிலிருந்து அந்தப் பெருமைதான்."

முறுக்கு, தேன்குழல் என்றால் பல பேர் சேர்ந்து செய்வது. "மாவு அத்தையுடையது, பிழிந்த கை மாமாவுடையது, உடைந்தவை எல்லாம் எங்களுடையது." இதில் உறவுப் பெயரை மட்டும் உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

லேகியத்தை யாரும் படம் எடுப்பதில்லை, எனக்கு அது வருத்தம்தான். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் அரைத்து, வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறிய கறுப்பு உருண்டை தட்டில் எடுப்பாக இருக்காது என்பது உண்மை. ஆனால் அன்று முழுக்கத் தின்னப் போகும் எண்ணெய்ப் பண்டத்துக்கு வயிற்றைத் தயார் செய்வது அதுதான். குழந்தை அதை வாயில் போடும் முகத்தை எடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "இது முதலில். மைசூர்பாகு அப்புறம்."

பலகாரம் எல்லாம் கடையில் வாங்கியது. அதைச் சொல்லலாமா, விட்டுவிடலாமா?

சொல்லலாம். வீட்டில் செய்தது என்று மட்டும் எழுதாதீர்கள், சொந்தக்காரர் யாராவது பக்குவம் கேட்டுத் தொலைபேசியில் அழைப்பார். "பலகாரம் கடையில் வாங்கியது. லேகியம் மட்டும் அம்மா கிளறியது." உண்மையைச் சொன்ன இந்த வரியில் வீட்டு வாசனை இருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த தட்டு என்றால் இன்னும் நல்லது: "மூன்றாவது வீட்டு ரவா லாடு, மாடி வீட்டு சோமாசி. எங்கள் தேன்குழல் இரண்டு வீட்டுக்கும் போயாகிவிட்டது."

விளக்கைப் பற்றி எழுதினாலே 'ஒளியின் திருவிழா' என்றுதான் வருகிறது. வேறு எப்படி?

தமிழ் வீட்டில் தீபாவளி விடியலில் இருக்கும் விளக்கு பெரும்பாலும் பூஜை இடத்தில் ஏற்றிய ஒரு குத்துவிளக்கோ காமாட்சி விளக்கோதான். நமக்கு இது நரக சதுர்த்தசி, பொழுது விடிவதற்கு முன் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். வாசல், மாடி, திண்ணை என்று வரிசையாக அகல் வைப்பது திருக்கார்த்திகையில். வட இந்தியாவில் தீபாவளி மாலை லட்சுமி பூஜைக்கு அகல் வரிசை வைப்பார்கள், அந்தப் படங்களுக்கு எழுதிய வாசகங்கள்தான் இங்கே மொழிபெயர்ந்து சுற்றுகின்றன. 'ஆயிரம் தீபங்கள் ஒளிர' என்று எழுதிவிட்டுக் கீழே ஒற்றைக் குத்துவிளக்கு இருந்தால், வரி ஒரு பக்கம் போகிறது, படம் ஒரு பக்கம் போகிறது.

அந்த ஒரு விளக்கைப் பற்றியே எழுதுங்கள். யார் ஏற்றினார், எத்தனை மணிக்கு, என்ன எண்ணெய்.

"விளக்குக்கும் நல்லெண்ணெய், எங்கள் தலைக்கும் நல்லெண்ணெய். வீடு முழுக்க ஒரே மணம்."

"ஆச்சி விளக்கேற்றும்போது மணி ஐந்து. இந்தத் தெருவில் யாரும் இன்னும் வெடி வைக்கவில்லை."

இரண்டாவது வரிக்குப் பின்னால் ஒரு விவரம் இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு நேரக் கட்டுப்பாடு விதித்த பிறகு, தமிழ்நாட்டு அரசு காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று நேரம் ஒதுக்கியது. அதற்கு முன்பே ஆங்காங்கே சத்தம் கேட்கத்தான் செய்யும். ஆனாலும் ஐந்து மணியின் அமைதியும் ஆறு மணிச் சத்தமும் வேறு வேறு. உங்கள் படம் இரண்டில் எந்த நேரத்தது என்று சொன்னால், படிப்பவருக்கு அந்த வீடு காதில் கேட்கும்.

விளக்கு வெளிச்சத்தில் எடுத்ததால் படம் இருட்டாக, கொஞ்சம் கலங்கலாக இருக்கிறது. 'மன்னிக்கவும், படம் சரியில்லை' என்று போடட்டுமா?

வேண்டாம். அந்த மஞ்சள் மங்கல்தான் அந்த நேரத்தின் அடையாளம். சென்னையில் ஐப்பசி மாதம் சூரியன் ஆறு மணியை ஒட்டித்தான் எழுகிறது, அதற்கு முன் எடுத்த படம் இருட்டாகத்தான் இருக்கும். மன்னிப்புக்குப் பதில் நேரத்தைப் போடுங்கள்: "காலை 5.10. விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை." இதைப் படித்த பிறகு யாருக்கும் படம் கலங்கலாகத் தெரியாது.

எழுத்துத் தமிழில் எழுதினால் செய்தித்தாள் மாதிரி இருக்கிறது. பேச்சுத் தமிழில் எழுதினால் விளையாட்டாக இருக்கிறது. எது சரி?

நான் விரும்புவது, வாக்கியம் எழுத்துத் தமிழில், யாராவது பேசினால் அது மட்டும் பேச்சுத் தமிழில். வீட்டில் சொன்ன ஒரு வார்த்தையை அப்படியே மேற்கோளில் வைத்தால் அந்த ஆளே வந்து நிற்பார்.

"'கங்கா ஸ்நானம் ஆச்சா?' தொலைபேசியை எடுத்ததும் தாத்தா கேட்கும் முதல் கேள்வி. ஆச்சு தாத்தா, சாட்சிக்குப் படம்."

உறவுப் பெயரையும் வீட்டில் கூப்பிடுவது போலவே எழுதுங்கள். ஆச்சி, அப்பத்தா, அம்மாயி, அம்மாச்சி என்று கூப்பிடுகிறவர் படத்துக்காக 'பாட்டி' என்று மாற்றினால் உங்கள் ஊர் காணாமல் போய்விடும். 'ஏற்றினார்' என்பதா 'ஏற்றினாள்' என்பதா என்ற குழப்பமும் இப்படித்தான் தீரும். அம்மாவை வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே.

எவ்வளவு நீளம் எழுதலாம்?

இன்ஸ்டாகிராம் ஒரு பதிவுக்கு 2,200 குறிகள் வரை இடம் தருகிறது. ஆனால் ஓரிரு வரிக்குப் பிறகு மீதி மறைந்துவிடும், தட்டினால்தான் விரியும். தமிழில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். செயலி உயிர்மெய்க் குறிகளைத் தனித்தனியாக எண்ணும், அதனால் 'தீபாவளி' நமக்கு நான்கு எழுத்து, அதன் கணக்கில் ஏழு. நம் சொற்களும் நீளம். ஆகவே மறையாமல் தெரியும் இடம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

பலரும் அந்த முதல் வரியை 'அனைவருக்கும் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்' என்பதற்குக் கொடுத்துவிடுகிறார்கள். சொல்ல வந்தது உள்ளே மறைந்துபோகிறது. உங்கள் வீட்டு வரியை மேலே வையுங்கள், வாழ்த்தைக் கீழே இறக்குங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என்றால் பார்ப்பவர் சில நொடிதான் நிற்பார், ஒரே வாக்கியம் போதும். 🪔 போட ஆசையாக இருந்தால் கடைசியில் ஒன்று போடுங்கள். 2019-இல் வந்த குறி அது, மிகப் பழைய போனில் வெறும் கட்டமாகத் தெரியும்.

தலை தீபாவளிப் படம். பெண் வீட்டில் எடுத்தது. இரண்டு வீட்டாரும் படிப்பார்கள்!

அப்படியென்றால் இரண்டு வீட்டையும் வரிக்குள் கொண்டுவாருங்கள், ஒப்பிடாமல். "தலை தீபாவளி. எண்ணெய் வைத்தது என் அம்மா, பட்டு எடுத்தது அவர் அம்மா." மாப்பிள்ளையைக் கிண்டல் செய்யும் வரி வேண்டுமென்றால் அதை மைத்துனர் தன் பக்கத்தில் போடட்டும், அவருக்கு அந்த உரிமை உண்டு.

வெளிநாட்டில் இருக்கிறோம். இங்கே அது வேலை நாள். காலைப் படம் எடுக்க நேரமே இல்லை.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தீபாவளிக்குப் பொது விடுமுறை உண்டு, அங்கே இந்தச் சிக்கல் குறைவு. மற்ற ஊர்களில் இருப்பவர்கள் நேர வித்தியாசத்தையே எழுதலாம். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றிய பிறகு லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். சென்னையில் காலை ஐந்து என்றால் அங்கே முந்தின இரவு பதினொன்றரை.

"அம்மா அங்கே எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கிறாள். இங்கே இன்னும் நேற்று இரவுதான். விளக்கை ஏற்றிவிட்டோம்."

சனிக்கிழமைக்குத் தள்ளிக் கொண்டாடினாலும் அதைச் சொல்லிவிடுங்கள். "தீபாவளி திங்கள்கிழமை. எங்களுக்கு இன்று." விளக்கம் எதுவும் தேவையில்லை, அங்கே இருக்கும் எல்லோருக்கும் புரியும்.

இந்த வருடம் அப்பா இல்லை. பண்டிகை கொண்டாடவில்லை, ஆனால் விளக்கேற்றினோம், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம். அந்தப் படத்தைப் போடலாமா? என்ன எழுதுவது?

போடலாம். முதலில் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவருக்கு விருப்பமில்லை என்றால் படம் உங்கள் போனிலேயே இருக்கட்டும். இறப்பு நேர்ந்த வருடத்தில் பல வீடுகளில் பலகாரம் செய்ய மாட்டார்கள், உறவினர்கள் செய்து எடுத்து வருவார்கள். நடந்தது எதுவோ அதை நேராகச் சொல்லுங்கள்.

"இந்த வருடம் எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. இந்தத் தட்டு சித்தி கொண்டு வந்தது. விளக்கு வழக்கம்போல் அம்மா ஏற்றினாள்."

இதில் 'அப்பா' என்ற சொல்லே இல்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றினால் அவர் அந்தக் காலையில் செய்யும் ஒரு வேலையை எழுதுங்கள்: "வெந்நீர் அடுப்பு அப்பாவின் வேலை. இன்று தம்பி மூட்டினான்." 'மேலிருந்து ஆசீர்வதிக்கிறார்' போன்ற வரிகளை எழுதாமல் இருப்பது நல்லது, துக்கம் உங்களுடையதாக இல்லாமல் அட்டையில் அச்சிட்டது போல ஆகிவிடும். இந்தப் பதிவில் வாழ்த்து வேண்டாம். வருகிற வாழ்த்துகளுக்குப் பதில் சொல்லாவிட்டாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இதையே பொங்கலுக்கும் கார்த்திகைக்கும் போடலாமா?

யோசிக்கும் முறையைப் பயன்படுத்தலாம், வரிகளை அல்ல. பொங்கல் காலையில் மையம் பானை, பால் பொங்கும் நொடி, வெளிவாசல். கார்த்திகைப் படம் மாலையில் எடுப்பது, தட்டில் பொரி உருண்டை இருக்கும். எண்ணெய்க் குளியலும் லேகியமும் அங்கே வராது.

எழுதக்கூடாதது ஏதாவது உண்டா?

பண்டிகைக்கு எல்லோரும் ஊருக்குப் போயிருக்கும்போது 'சென்னை வீட்டைப் பூட்டிவிட்டு மொத்தக் குடும்பமும் இங்கே' என்று எழுதாதீர்கள், வேண்டுமென்றால் திரும்பி வந்த பிறகு எழுதுங்கள். பிள்ளைகளின் முழுப் பெயர், பள்ளி, தெருப் பெயர் வேண்டாம். எண்ணெய் வழியும் தலையோடு, துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆட்களின் படம் வீட்டுக் குழுவோடு நிற்கட்டும். அவர்கள் தலைவாரிப் புதுத்துணி உடுத்திய பிறகு எடுத்த படத்தைப் பொதுவில் போடுங்கள், அதையும் ஒருமுறை அவர்களிடம் காட்டிவிட்டு.

பெரியவர்களுக்குப் படத்தைக் காட்டும்போது எழுதியதையும் படித்துக் காட்டுங்கள். மாவு வியாழக்கிழமை பிசைந்தது இல்லை, புதன்கிழமை என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தைப் போட்டுவிட்டுப் பதிவிடுங்கள்.